ரேட்டிங் எப்படி ரூபாயாகிறது? சிறு நிறுவனத்தில் சம்பள உயர்வுக் கணக்கைத் திறந்து வைக்கும் முறை

ஏப்ரல், மே மாதங்களில் சிறு நிறுவனங்களில் அப்ரைசல் கடிதம் கைக்கு வரும்போது ஊழியர்களிடம் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு ஏன் 7 சதவீதம், அவருக்கு ஏன் 10?" முதலாளிக்குப் பதில் தெரிந்திருக்கலாம். ஆனால் அது அவர் மனதில் மட்டும் இருக்கும். எழுதி வைத்த விதியாக எங்கும் இருக்காது. அந்த இடைவெளியை டீக்கடைப் பேச்சு நிரப்பிவிடுகிறது.

தொகை குறைவாக இருந்தாலும், அது எப்படி வந்தது என்பதை ஊழியர் தானே கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார். தொகை நன்றாகவே இருந்தும் வழி தெரியாவிட்டால் சந்தேகப்படுகிறார். ரேட்டிங்கையும் பணத்தையும் இணைக்கும் அந்த வழியை எப்படி அமைப்பது, எதைத் திறந்து காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்பதை இங்கே ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் 24 பேர் கொண்ட பட்டறை ஒன்றை வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளச் செலவு மொத்தம் 6,00,000 ரூபாய்.

## முதலில் மூன்று பணத்தைப் பிரிக்க வேண்டும்

குழப்பத்தில் பாதி, வெவ்வேறு இயல்புள்ள மூன்று பணங்களை ஒரே பெயரில் பேசுவதால் வருகிறது.

1. சம்பள உயர்வு (இன்கிரிமென்ட்). ஒருமுறை கொடுத்தால் நிரந்தரம். 25,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 10 சதவீதம் என்பது மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அது தொடரும். அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் பணிக்கொடை போன்ற பொறுப்புகளும் கூடவே உயரும்.

2. சட்டப்படியான போனஸ். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வகுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே எல்லைகளை வைத்திருக்கிறது. தகுதியுள்ள ஊழியரின் இந்தக் குறைந்தபட்சப் பங்கில் ரேட்டிங்கைக் காரணம் காட்டிக் கை வைக்க முடியாது.

3. செயல்திறன் ஊக்கத்தொகை (இன்சென்டிவ்). நிறுவனம் தன் விருப்பத்தில், அந்த ஆண்டின் லாபத்திலிருந்து ஒருமுறை மட்டும் தருவது. ரேட்டிங்கோடு தாராளமாக இணைக்கக்கூடிய பணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் "தீபாவளி போனஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதுதான் சிக்கல். தீபாவளிக்கு வரும் பணத்தை ஊழியரின் குடும்பம் உரிமையாகவே பார்க்கிறது. துணிமணி, பட்டாசு, ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அதை நம்பியே திட்டமிடப்படுகின்றன. அதில் ரேட்டிங்கைக் கொண்டுவந்து ஒருவருக்குக் குறைத்தால், விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் அவமானமாகத்தான் படும். அதனால் தீபாவளித் தொகையை அதன் வழக்கப்படியே கொடுத்துவிட்டு, ரேட்டிங் சார்ந்த ஊக்கத்தொகையைக் கணக்கு ஆண்டு முடிந்தபின், வேறு பெயரில், வேறு மாதத்தில் கொடுப்பதே நல்லது.

## நிலையான சதவீத அட்டவணை ஏன் உடைகிறது

பெரும்பாலான சிறு நிறுவனங்கள் வெளிப்படையாக நடக்க முடிவு செய்ததும் முதலில் செய்வது இப்படி ஓர் அட்டவணை ஒட்டுவது: "நிறைவு" என்றால் 7 சதவீதம், "எதிர்பார்ப்புக்கு மேல்" என்றால் 10, "மிகச் சிறப்பு" என்றால் 13, "கீழ்" என்றால் 4. பார்க்க நேர்மையாக இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் எந்த ரேட்டிங்கில் வருவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது.

நம் பட்டறையில் உயர்வுக்கு ஒதுக்கிய தொகை 8 சதவீதம், அதாவது மாதம் 48,000 ரூபாய். சூப்பர்வைசர்கள் கொஞ்சம் தாராளமாக ரேட்டிங் போட்டு, "எதிர்பார்ப்புக்கு மேல்" பட்டியலில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிட்டால், அட்டவணைப்படி கொடுக்க 52,800 ரூபாய் தேவைப்படும் (இந்த எண் எப்படி வருகிறது என்பது கீழே புரியும்). மாதம் 4,800 உதைக்கிறது. இப்போது முதலாளிக்கு இரண்டே வழி. கூடுதல் பணம் போட வேண்டும், அல்லது சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இரண்டு பேரைக் கீழே இறக்குப்பா" என்று சொல்ல வேண்டும்.

நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். பணத்துக்கு ஏற்ப ரேட்டிங் திருத்தப்படுகிறது. 24 பேர் உள்ள இடத்தில் இது ஒரு வாரம்கூட ரகசியமாக இருக்காது. "உனக்கு மேல்தான் போட்டேன், ஆபீஸில் மாற்றிவிட்டார்கள்" என்று சூப்பர்வைசரே சொல்லிவிடுவார். அதன் பிறகு எந்த ரேட்டிங்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய நிறுவனங்கள் சில, இத்தனை சதவீதம் பேர்தான் மேல் ரேட்டிங்கில் இருக்கலாம் என்று கட்டாயப் பங்கீடு வைத்தன. மைக்ரோசாஃப்ட் அந்த முறையை 2013இல் கைவிட்டது. நான்கு பேர் உள்ள ஒரு ஷிஃப்டில் அது இன்னும் அபத்தமாகும். நான்கு பேரும் நன்றாக வேலை செய்திருக்கலாம். ஒருவரைக் கட்டாயம் கீழே தள்ளுவதற்கு அங்கே எந்த நியாயமும் இல்லை.

## பங்கு முறை: தொகை நிலையானது, சதவீதம் கணக்கில் வருவது

இதற்கு நல்ல மாற்று, சதவீதத்தை முன்பே வாக்களிக்காமல் பங்குகளை வாக்களிப்பது. ஒதுக்கிய தொகை மாறாது, ரேட்டிங்குகளும் மாறாது, ஒரு பங்கின் மதிப்பு மட்டும் கணக்கில் வந்து விழும்.

படிகள் இவை.

1. உயர்வுத் தொகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாதி விலைவாசிக்கு, எல்லோருக்கும். மறுபாதி ரேட்டிங்குக்கு. நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொன்றும் 24,000 ரூபாய், அதாவது சம்பளச் செலவில் 4 சதவீதம்.

2. ஒவ்வொரு ரேட்டிங்குக்கும் பங்கு எண் தர வேண்டும். கீழ் 0, நிறைவு 1, மேல் 2, மிகச் சிறப்பு 3.

3. ஒவ்வொருவர் சம்பளத்தையும் அவர் பங்கு எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

4. ஒதுக்கிய 24,000 ரூபாயை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு பங்கின் மதிப்பு கிடைக்கும்.

பட்டறையில் இந்த ஆண்டு ரேட்டிங் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். "கீழ்" ரேட்டிங்கில் இருப்பவர்களின் மொத்தச் சம்பளம் 50,000. "நிறைவு" 3,50,000. "மேல்" 1,50,000. "மிகச் சிறப்பு" 50,000. பெருக்கிக் கூட்டினால் 0 + 3,50,000 + 3,00,000 + 1,50,000 = 8,00,000. இப்போது 24,000 ÷ 8,00,000 = 3 சதவீதம். ஒரு பங்கின் மதிப்பு அதுதான்.

ஆக, "நிறைவு" பெற்றவருக்கு 4 + 3 = 7 சதவீதம். "மேல்" பெற்றவருக்கு 4 + 6 = 10. "மிகச் சிறப்பு" பெற்றவருக்கு 4 + 9 = 13. "கீழ்" பெற்றவருக்கு விலைவாசிப் பங்கான 4 மட்டும்.

கணக்குத் தாளில் B நெடுவரிசையில் சம்பளம், C நெடுவரிசையில் பங்கு எண் இருந்தால், பங்கின் மதிப்பை E1 கட்டத்தில் இந்த ஒரே வரி தந்துவிடும்:

```
=24000/SUMPRODUCT(B2:B25,C2:C25)
```

இப்போது அந்தத் தாராளமான சூப்பர்வைசரைத் திரும்பப் பார்ப்போம். "நிறைவு" பட்டியலிலிருந்து 1,60,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர்களை அவர் "மேல்" பட்டியலுக்கு ஏற்றிவிடுகிறார். கூட்டுத்தொகை 9,60,000 ஆகிறது. பங்கின் மதிப்பு 2.5 சதவீதமாக இறங்குகிறது. "நிறைவு" 6.5 ஆகிறது, "மேல்" 9 ஆகிறது, "மிகச் சிறப்பு" 11.5 ஆகிறது. செலவு அதே 48,000. (பழைய அட்டவணைப்படி ஒரு பங்குக்கு 3 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தால் 9,60,000க்கு 28,800, விலைவாசிக்கு 24,000, ஆக 52,800.)

யாருடைய ரேட்டிங்கையும் திருத்த வேண்டிய தேவையே வரவில்லை. தகுதியில்லாதவருக்கு மேல் ரேட்டிங் போட்டால் அந்தப் பணம் தகுதியுள்ளவரிடமிருந்துதான் போகிறது என்பதையும் சூப்பர்வைசர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அந்த ஒரு காரணத்தாலேயே அடுத்த ஆண்டு ரேட்டிங் கூட்டத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

விலைவாசிப் பங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சதவீதமாகக் கொடுக்காமல் ஆளுக்கு 1,000 ரூபாயாகக் கொடுத்தாலும் செலவு அதே 24,000தான். 18,000 ரூபாய் ஆபரேட்டருக்கு அது ஐந்தரை சதவீதத்துக்கு மேல். 45,000 ரூபாய் மேலாளருக்கு இரண்டேகால் சதவீதம்கூட இல்லை. அரிசி விலையும் பேருந்துக் கட்டணமும் இருவருக்கும் ஒன்றுதான் என்பதால், சம்பள வித்தியாசம் அதிகமுள்ள பட்டறைகளில் நான் இந்த முறையையே பரிந்துரைப்பேன். மேலாளர்கள் முணுமுணுக்கலாம். அவர்களுக்கு ரேட்டிங் பங்கும் ஊக்கத்தொகையும் சம்பளத்தை ஒட்டியே வருகின்றன என்பதைக் காட்டிவிடலாம்.

## ஊக்கத்தொகைக்கும் அதே பங்கு

லாபத்திலிருந்து வரும் தொகையைப் பிரிக்கவும் அதே 8,00,000தான் வகுக்கும் எண். விதி ஆண்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 15 சதவீதம்" என்று வைத்துக்கொள்வோம். லாபம் 60 லட்சம் வந்தால் தொகை 3,00,000. அதை 8,00,000ஆல் வகுத்தால், ஒரு பங்குக்கு மாதச் சம்பளத்தில் 37.5 சதவீதம். 24,000 சம்பளத்தில் "நிறைவு" பெற்றவருக்கு 9,000 ரூபாய். 25,000 சம்பளத்தில் "மேல்" பெற்றவருக்கு 18,750. ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்கள் இருந்தால், அவர்கள் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப அவர்களின் பங்கு எண்ணைக் குறைத்த பிறகே கூட்டுத்தொகையைப் போட வேண்டும்.

லாபக் கணக்கை ஊழியருக்குக் காட்டப் பல முதலாளிகள் தயங்குவார்கள். அது புரிந்துகொள்ளக்கூடிய தயக்கம். அப்படியானால் நிறுவனத்தின் ஆடிட்டர், "விதிப்படி இந்த ஆண்டு ஊக்கத்தொகை 3,00,000" என்று ஒரு வரியில் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அல்லது ஊழியர்களே பார்க்கக்கூடிய ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம்: மொத்த விற்பனை, ரிஜெக்ஷன் சதவீதம், குறித்த தேதியில் அனுப்பிய ஆர்டர்கள். யாராலும் சரிபார்க்க முடியாத லாபத்தைக் காட்டி, "இந்த ஆண்டு சரியில்லை" என்று சொல்வதைவிட இவை எல்லாமே மேல்.

## எதைத் திறப்பது, எதை மூடுவது

வெளிப்படை என்றதும் எல்லோர் சம்பளத்தையும் பலகையில் ஒட்டுவதா என்ற பயம் வருகிறது. தேவையில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் ஒரு இணையதளத்தில் பார்க்கக் கிடைத்தபோது, டேவிட் கார்டு உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். சக ஊழியர்களைவிடக் குறைவாக வாங்குவதாக அறிந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. அதிகம் வாங்கியவர்களுக்கு அதனால் மகிழ்ச்சி கூடவில்லை. பழைய ஏற்றத்தாழ்வுகள் நிறைந்த சம்பளப் பட்டியலை விளக்கமின்றித் திறந்தால் கிடைப்பது இதுதான்.

திறக்க வேண்டியவை: ரேட்டிங்கின் வரையறை, பங்கு எண்கள், ஒதுக்கிய தொகை, கூட்டுத்தொகை, பங்கின் மதிப்பு. இந்த ஐந்தும் தெரிந்தால் எந்த ஊழியரும் தன் கடிதத்தில் உள்ள ரூபாயைக் கைப்பேசிக் கால்குலேட்டரில் சரிபார்த்துவிடலாம். தனிநபர் ரேட்டிங்கும் சம்பளமும் மூடியே இருக்கட்டும். சிறிய இடத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "மிகச் சிறப்பு" ஒருவருக்குத்தான் கிடைத்தது என்று எண்ணிக்கையை ஒட்டினால் அவர் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஆண்டில் மேல் இரண்டு ரேட்டிங்குகளையும் சேர்த்து, "எட்டு பேர்" என்று சொன்னால் போதும்.

கூட்டுத்தொகை சரிதானா என்று ஊழியர் கேட்டால்? முழுத் தாளைக் கணக்காளரும் ஊழியர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும், ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டு, பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முதலாளியின் மகனோ மைத்துனரோ சம்பளப் பட்டியலில் இருந்தால், அவர்களும் இதே கணக்கில் வருகிறார்களா என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு ஏற்பாடு என்றால் அவர்கள் சம்பளத்தை 6,00,000இல் சேர்க்கவே கூடாது. கேட்கத் தயங்கினாலும் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இது.

## கணக்கு சரியாக இருந்தும் ரேட்டிங் தவறாக இருந்தால்

பெருக்கல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பெருக்கப்படும் எண் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். ராபர்ட் ஃபோல்கர், மேரி கொனோவ்ஸ்கி, ரஸ்ஸல் குரோபன்சானோ ஆகியோர் 1992இல் மதிப்பீட்டை நீதிமன்ற நடைமுறையோடு ஒப்பிட்டு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, சான்றின் அடிப்படையில் தீர்ப்பு. சிறு பட்டறையில் இவை எப்படி இருக்கும்?

முன்னறிவிப்பு. சி.என்.சி. ஆபரேட்டருக்கு "நிறைவு" என்றால் என்ன என்று ஏப்ரலிலேயே எழுதிக் கொடுப்பது. எடுத்துக்காட்டாக: ரிஜெக்ஷன் 2 சதவீதத்துக்குள், ஷிஃப்ட் இலக்கு மாதத்தில் பெரும்பாலான நாட்களில் எட்டப்பட்டது, வழக்கமான பாகங்களுக்குத் தானே செட்டிங் போடுகிறார். "மேல்" என்றால் புதிய பாகத்துக்கும் தானே செட்டிங், இன்னொருவருக்குப் பயிற்சி. "நல்ல மனப்பான்மை", "ஈடுபாடு" போன்ற சொற்களை வரையறையில் வைத்தால் அவை சூப்பர்வைசரோடு இணக்கமாக இருப்பவருக்கே போகும்.

சான்று. சூப்பர்வைசர் ஒவ்வொருவருக்கும் மாதம் நான்கு வரி எழுதி வைப்பது. மார்ச்சில் உட்கார்ந்து ஓராண்டை நினைவுகூர்ந்தால் நினைவில் நிற்பது பிப்ரவரியும் மார்ச்சும்தான். "கீழ்" ரேட்டிங் யாருக்கும் மார்ச்சில் முதல்முறையாகத் தெரியவரக் கூடாது. செப்டம்பரிலேயே, எழுத்தில், "இப்படியே போனால் இங்கே வருவீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

வாய்ப்பு. ரேட்டிங் சொன்னபின் பத்து நாட்கள் மேல்முறையீட்டுக்கு. ரேட்டிங் போட்டவரிடமே மேல்முறையீடு செய்யச் சொல்வது வீண். வேறு பிரிவுச் சூப்பர்வைசரும் முதலாளியும் சேர்ந்து அந்த மாதக் குறிப்புகளை மட்டும் வைத்துப் பார்க்கலாம்.

இதில் வரிசை முக்கியம். ஒருவருடைய ரேட்டிங் மாறினாலும் கூட்டுத்தொகை மாறும். கூட்டுத்தொகை மாறினால் எல்லோர் சதவீதமும் மாறும். எனவே தொகை அறிவிப்பு முதலில், ரேட்டிங் அடுத்து, மேல்முறையீடு முடிந்தபின் கணக்கு, கடைசியில் கடிதம். ரேட்டிங் பேச்சையும் கடிதம் தரும் நாளையும் பிரித்து வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஹெர்பர்ட் மேயர் குழுவினர் செய்து 1965இல் வெளிவந்த ஆய்வு, வேலை முன்னேற்றத்தைப் பற்றிய பேச்சும் சம்பளப் பேச்சும் ஒரே அமர்வில் கலந்தால் ஊழியர் தற்காப்பில் இறங்கிவிடுகிறார் என்று காட்டியது.

கடிதம் சுருக்கமாக இருக்கலாம்:

> "தங்கள் ரேட்டிங்: எதிர்பார்ப்புக்கு மேல். பங்கு எண்: 2. இந்த ஆண்டு ஒரு பங்கின் மதிப்பு: 3 சதவீதம். ரேட்டிங் உயர்வு: 6 சதவீதம். விலைவாசி உயர்வு: 4 சதவீதம். பழைய சம்பளம் 25,000. புதிய சம்பளம் 27,500."

## எங்கே உடையும்

இந்த முறையை உடைப்பது பெரும்பாலும் பின்கதவு விதிவிலக்குதான். ஜூனில் ஒரு நல்ல ஆபரேட்டர் ராஜினாமா கடிதம் நீட்டுகிறார். பக்கத்து நிறுவனம் 5,000 அதிகம் தருகிறதாம். முதலாளி அங்கேயே கூட்டிக் கொடுத்து நிறுத்திவிடுகிறார். ரேட்டிங்கால் மாதம் 2,500 உயர்வு பெற்றவருக்கு இது தெரியும்போது கிடைக்கும் பாடம் தெளிவு: இங்கே உயர்வு வேலைக்கு வராது, மிரட்டலுக்குத்தான் வரும்.

அதற்காக ஆளை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சந்தை விலையைவிட நம் சம்பளம் பின்தங்குவது உண்மையான பிரச்சினை. அதற்குத் தனித் தலைப்பு வேண்டும். ரேட்டிங் தொகையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை, வேலை வகை வாரியாக வெளிச் சந்தையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வேலையில் உள்ள அத்தனை பேருக்கும் சரிசெய்ய வேண்டும். மொத்தச் செலவையும் ஏப்ரல் அறிவிப்பில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கத்து நிறுவனம் 5,000 அதிகம் தருவது ராஜினாமா கடிதத்தில்தான் முதலில் தெரிகிறது என்றால், அந்த ஒப்பீடு நடக்கவில்லை என்று பொருள்.

முறை பிசகுவதைக் காட்டும் அறிகுறிகள் சில உண்டு. ஒரு சூப்பர்வைசரின் சராசரிப் பங்கு எண் 1.8, இன்னொருவருடையது 1.1 என்றால், ஆட்கள் வேறுபடுகிறார்களா அளவுகோல் வேறுபடுகிறதா என்று மாதக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஒரே ஆட்கள் அதே ரேட்டிங்கில் இருந்தால் யாரும் புதிதாக மதிப்பிடவில்லை என்று சந்தேகிக்கலாம். மேல்முறையீடே வராத ஆண்டை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது. ஊக்கத்தொகை கைக்கு வந்த மறுமாதம் ராஜினாமாக்கள் குவிந்தால், மேல்முறையீடு செய்து பயனில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

நட்ட ஆண்டுக்கும் விதி முன்பே எழுதப்பட வேண்டும். ஊக்கத்தொகை பூஜ்யமாகலாம். உயர்வுத் தொகை விலைவாசிப் பங்காக மட்டும் சுருங்கலாம். அப்போதும் ரேட்டிங் போட வேண்டும், கடிதம் தர வேண்டும், "ஒரு பங்கின் மதிப்பு: 0" என்று அதில் எழுத வேண்டும். இதை ஏப்ரலில் சொல்ல வேண்டும் என்றால் நிலைமை ஜனவரியிலேயே ஊழியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக விற்பனையும் ஆர்டர் நிலவரமும் காலாண்டுக்கு ஒருமுறை பலகையில் ஏற வேண்டும், நல்ல ஆண்டிலும் சேர்த்து.